ஆட்டோகிளேவா, பிளீச்சா, தொட்டியா? கிராம் சாயப் பயிற்சியின் கழிவுக் கணக்கு

இளநிலை நுண்ணுயிரியல் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் கிராம் சாயமேற்றும் செய்முறை இரண்டு பக்கத்துக்கு இருக்கும். 'இடர் மதிப்பீடும் கழிவகற்றலும்' என்ற தலைப்பின் கீழே மட்டும் ஒரே வரி: கழிவை முறைப்படி அகற்ற வேண்டும். எது முறை என்று கேட்டால் ஒருவர் ஆட்டோகிளேவ் என்பார், இன்னொருவர் பிளீச் என்பார், மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கை கழுவுவார். மூன்றையும் ஒரே வகுப்பின் கழிவில் வைத்துப் பார்க்கலாம். 30 மாணவர்கள், ஆளுக்கு இரண்டு ஸ்லைடு, ஒன்றில் பேசில்லஸ் சப்டிலிஸ், மற்றதில் ஈ.கோலையின் தீங்கற்ற ஆய்வக வகை.

முதலில் ஆட்டோகிளேவ். வளர்ப்புத் தட்டுகளுக்கு இதற்கு நிகரான வழி இல்லை என்பது என் கட்சி. அகார் என்பது தடித்த கூழ். பிளீச் உள்ளே இறங்குவதற்குள் அந்தக் கூழிலுள்ள புரதமே குளோரினைத் தின்றுவிடும். வெப்பத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஊடகம் தயாரிக்கப் பழகிய கை, கழிவுக்கும் அதே 15 நிமிடத்தைத்தான் வைக்கிறது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். சாதாரண ஆட்டோகிளேவுக்கு அவை கேட்பது 121 டிகிரியில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், குறைந்தது 60 நிமிடம்.

நேரம் சரியாக இருந்தாலும் ஏமாற இடமுண்டு. நான் ஆய்வக உதவியாளராக இருந்த ஒரு கல்லூரியில், பையின் வாயை இறுக முடிச்சுப் போட்டு ஏற்றிவிட்டோம். வெளியே ஒட்டிய, வெப்பம் பட்டால் கோடு காட்டும் நாடாவில் கறுப்புக் கோடுகள் அழகாக விழுந்திருந்தன. பையைப் பிரித்தால், ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் தட்டுகள் உருகி அப்பளம்போல் நெளிந்து கிடக்கின்றன. நடுவில் அடுக்கிய நான்கு தட்டுகள் மட்டும் வட்டம் குலையாமல், இழுத்த கோடுகளின் மேல் வெண்ணிறப் படிவத்தோடு அப்படியே இருக்கின்றன. அந்தத் தட்டுகள் பாலிஸ்டைரீன். 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும் பொருள். உருவம் மாறவில்லை என்றால் நீராவி அங்கே எட்டவே இல்லை, காற்று சிறைப்பட்டிருந்தது என்று பொருள். நாடா சொன்னது பையின் வெளிப்புறத்துக் கதை மட்டுமே. அன்றிலிருந்து பையின் வாயைத் தளர்த்தி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் வைக்கிறேன். கண்ணாடித் தட்டு வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இந்த உருகும் சாட்சியும் கிடைக்காது; வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் அடங்கிய சோதனைக் குப்பியைக் குவியலின் நடுவில் புதைத்துப் பார்ப்பதே வழி.

ஆட்டோகிளேவ் வாங்க முடியாத இடத்தில் பிரஷர் குக்கர் வருகிறது. சென்னையில் அது ஏறத்தாழ 120 டிகிரியைத் தொடும். அதே குக்கர் உதகையில் நான்கு டிகிரி அளவுக்குக் குறைந்தே நிற்கும், ஏனெனில் விசில் காட்டும் அழுத்தம் வெளிக்காற்றின் மேல் ஏறியது. மலையில் வெளிக்காற்றே மெலிந்தது. அங்கே நேரத்தைக் கூட்டியாக வேண்டும்.

பிளீச்சுக்கு இடமே இல்லையா? உண்டு, ஸ்லைடுகளுக்கு. சுடரில் காட்டி நிலைநிறுத்தினால் பாக்டீரியா செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எல்லாம் சாவதில்லை, வித்துகள் நிச்சயமாகச் சாவதில்லை. ஆகவே சாயமேற்றிய ஸ்லைடையும் உயிருள்ளதாகவே நடத்த வேண்டும். அதில் இருப்பது மெல்லிய படலம்தான், ஆதலால் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் அரை மணி நேரத்தில் சாதாரண செல்களை முடித்துவிடும். கடையில் கிடைப்பது 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அன்றன்று கலக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் நின்ற ஜாடி வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். ஊதா நிறம் வெளுக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது, பிளீச்சிலுள்ள காரமே ஊதாச் சாயமான கிரிஸ்டல் வயலெட்டை வெளுக்கச் செய்யும். ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமாகிறதா என்று பார்ப்பது மேல். அதுவும் குளோரின் உண்டு என்று சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது.

இங்கே ஒரு விசித்திரம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நோய் தருவது என்பதால் அதை விலக்கிவிட்டுப் பேசில்லஸ் சப்டிலிஸை எடுக்கிறோம். மாணவருக்கு அது பாதுகாப்பானது, ஆனால் வித்து உண்டாக்குவதால் பிளீச்சுக்கு எளிதில் அசைந்து கொடுக்காது. இடர் மதிப்பீட்டில் ஒரு கட்டத்தைத் தாழ்த்தினால் இன்னொரு கட்டம் உயர்கிறது. பிளீச் மட்டுமே உள்ள கல்லூரி தயிரிலிருந்து ஸ்மியர் எடுக்கலாம்: கிராம் பாசிட்டிவ், வித்து கிடையாது, செலவும் இல்லை. எங்கள் வகுப்பில் ஆட்டோகிளேவ் இருப்பதால் பேசில்லஸ் ஸ்லைடுகளை அதிலேயே போடுகிறோம், ஈ.கோலை ஸ்லைடுகள் பிளீச்சுக்குப் போகின்றன.

மூன்றாவது வழியான தொட்டியைத் திட்டுவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டும். ஸ்லைடு மூழ்க ஊற்றினால் ஒவ்வொரு சாயத்திலும் ஏறத்தாழ 1 மில்லி போகும். 60 ஸ்லைடுக்கு 60 மில்லி. 2 சதவீதக் கரைசலில் அது 1.2 கிராம் கிரிஸ்டல் வயலெட். நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சான பொருள். ஊற்றுவதை விட்டுவிட்டுச் சொட்டுப்புட்டியால் ஸ்மியரின் மேல் மட்டும் நான்கு சொட்டு வைத்தால் போதும். அதே வகுப்பு கால் கிராமோடு முடிந்துவிடும். எந்த அகற்றும் முறையும் தராத லாபம் இது. மிஞ்சும் சாயத்தை ஸ்லைடைச் சரித்து முதலில் கழிவுப் புட்டியில் வடித்துவிட்டு, அப்புறம் கழுவினால் கழுவுநீரில் லேசான சாயம் மட்டுமே மிஞ்சும்.

ஸ்லைடிலிருந்து சாயத்தைக் களையும் நிறநீக்கிதான் உண்மையான வில்லன். அதிலுள்ள எத்தனால் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவி விடுவது; பன்சன் பர்னரை அணைத்த பிறகே அந்தப் புட்டியைத் திறக்க வேண்டும். அதில் அசிட்டோன் கலந்திருந்து பிளீச் ஜாடிக்குள் விழுந்தால் குளோரோஃபார்ம் உருவாகும். காசநோய்க் கிருமிச் சாயத்தின் அமில ஆல்கஹால் விழுந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். ஆட்டோகிளேவிலும் இவற்றுக்கு இடமில்லை. பிளீச்சில் ஊறியதை எடுத்து ஆட்டோகிளேவில் வைப்பதும் அதே வகைத் தவறுதான்.

எங்கள் நோட்டில் இப்போது அந்த ஒற்றை வரி இருந்த இடத்தில் இருப்பது இது:

'தட்டுகளும் பேசில்லஸ் ஸ்லைடுகளும்: தளர்ந்த வாயுள்ள பை, 121 டிகிரி, 60 நிமிடம். சாயமும் நிறநீக்கியும்: சாயம் நான்கு சொட்டுதான், இரண்டின் மிச்சமும் மூடியுள்ள கழிவுப் புட்டியில், அருகில் சுடர் கூடாது. ஈ.கோலை ஸ்லைடு: சாயம் வடித்து, தண்ணீரில் கழுவி, அன்று கலக்கிய 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் 30 நிமிடம். கழுவாத ஸ்லைடு ஜாடியைத் தொடக்கூடாது. ஜாடியில் கலக்கியவரின் பெயரும் தேதியும் இல்லையென்றால், அது பிளீச் அல்ல.'