எழுபது எழுத்துக்குள் ஒரு பதில்: தமிழா, ஆங்கில எழுத்துத் தமிழா, இரண்டு துண்டா?

திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்துச் செயலாளருக்குச் செவ்வாய் பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "நாளைக்கு விடிய வெளிக்கடலுக்குப் போகலாமோ? காத்து எப்படி?" கேட்டவர் பட்டன் போன்காரர். டேட்டா இல்லை, வாட்ஸ்அப் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் காற்று மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் என்று இருக்கிறது. பகல் 2 மணிக்குப் பிறகு தணியும். மாலை 6 மணிக்குச் சங்கம் மறுபடியும் அறிவிக்கும். இதை அனுப்ப நான்கு வழி இருக்கிறது. நான்கையும் இதே பதிலை வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. ஒரு குறுஞ்செய்தி சுமப்பது 140 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்றே ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் எழுத்துக்கு 2 பைட் என்ற முறைக்கு மாறும், அப்போது 70தான். தமிழுக்கென்று தனி அட்டவணை ஒன்று தரநிலையில் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் போன்கள் அரிது. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

இந்த 70இல் நாம் பள்ளியில் படித்த எழுத்துக் கணக்கு செல்லாது. "க்" இரண்டு: க ஒன்று, புள்ளி ஒன்று. "கா" இரண்டு, "கொ" இரண்டு. "ஸ்ரீ" நான்கு. உயிரும் ஆய்தமும் அகர உயிர்மெய்யும் மட்டுமே ஒன்று. இடைவெளி, முற்றுப்புள்ளி, இலக்கம் எல்லாம் ஒவ்வொன்று. "பிற்பகல்" வாயில் ஐந்து எழுத்து, வலையமைப்பில் எட்டு.

தமிழில், ஒரே செய்தி

முதல் வரைவு இப்படி வரும்:

```
நாளை போகாதீங்கோ. காற்று 50-60 கிமீ, பிற்பகல் 2 வரை. மாலை 6க்கு மறுசெய்தி.
```

எண்ணினால் 73. மூன்று கூட. "பிற்பகல்" என்பதைப் "பகல்" ஆக்கினால் நான்கு மிச்சம், 69க்கு இறங்கிவிடும். பகல் 2 மணியை யாரும் விடிய 2 மணி என்று எடுக்க மாட்டார்கள், ஆகவே பொருளில் இழப்பில்லை.

ஆனால் இதில் எண்ணிக்கையை விடப் பெரிய பிழை ஒன்று உண்டு: "நாளை". போன் நிறுத்தி இருந்தாலோ சிக்னல் இல்லாத இடத்தில் நின்றாலோ செய்தி வலையமைப்பில் காத்துக் கிடந்து, போன் உயிர்த்த பிறகுதான் போய்ச் சேரும். செவ்வாய் இரவு அனுப்பிய "நாளை" புதன் விடிய 3 மணிக்குக் கையில் கிடைத்தால் அது வியாழனாக வாசிக்கப்படும். புதன் பயணத்துக்குத் தடை இல்லை என்று ஆள் வள்ளத்தைத் தள்ளிவிடுவார். கிழமையை எழுதுங்கள்:

```
புதன் போகாதீங்கோ. காற்று 50-60 கிமீ, பகல் 2 வரை. மாலை 6க்கு மறுசெய்தி.
```

இது சரியாக 70. புதன் சின்னப் பெயர். வியாழன் என்றால் இரண்டு கூடும், அப்போது கடைசி முற்றுப்புள்ளியையும் கிமீக்குப் பின்னுள்ள காற்புள்ளியையும் எடுத்துவிடலாம். ஒரு எமோஜி சேர்த்தால் இரண்டு இடம் போய்ச் செய்தி உடைந்துவிடும்.

வரிசையையும் கவனியுங்கள். போகலாமா இல்லையா என்பதே கேள்வி. அதற்கான சொல் இரண்டாம் சொல்லாக வந்துவிடுகிறது. காரணம், எதுவரை, அடுத்து எப்போது என்பவை அதன் பின்னால். "வணக்கம் ஐயா, " என்று தொடங்கினால் 13 இடம் போயிற்று, மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மரியாதை வேண்டாம் என்பதல்ல. "போகாதே" ஆறு இடம், "போகாதீங்கோ" பத்து. அந்த நான்கு இடத்திலேயே மரியாதை முழுவதும் வந்துவிடுகிறது. இங்கே கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

"போக வேண்டாம்" என்று எழுதாததற்கும் காரணம் இருக்கிறது. சின்னத் திரையில், சூரிய வெளிச்சத்தில், "வேண்டாம்" என்பதும் "வேண்டும்" என்பதும் ஒன்றைப்போலத் தெரியும். "போகாதீங்கோ", "போகலாம்" இரண்டும் குழம்பாது.

ஆங்கில எழுத்தில் தமிழ்

```
Puthan pogatheengo. Kaatru 50-60 km, pagal 2 varai. Maalai 6ku maruseithi.
```

74 எழுத்து. தமிழில் 70, இதில் 74. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் கொள்ளளவில்தான்: இங்கே இன்னும் 86 எழுத்துக்கு இடம் கிடக்கிறது. மூதூர்ப் பக்க நிலவரம், எந்தத் திசைக் காற்று என்றெல்லாம் சேர்க்கலாம்.

இதன் விலை வாசிப்பவர் தலையில் விழுகிறது. எழுதுபவருக்கு ஒரு எழுத்துக்கூட்டல், வாசிப்பவருக்கு இன்னொன்று. "palli" பள்ளியா பல்லியா, "kadal" கடலா காதலா என்று சந்தர்ப்பத்தை வைத்தே பிடிக்க வேண்டும். அதைவிட ஆபத்து "vendam", "vendum" என்ற சோடி. நடுவில் ஒரே ஒரு எழுத்து. தட்டும்போது a இருக்க வேண்டிய இடத்தில் u விழுந்தால் பதில் தலைகீழாகிவிடும். இந்த முறையில் எழுதுவதென்றால் அந்த வினையையே தொடாதீர்கள்.

இன்னொரு பொறி கண்ணுக்கே தெரியாது. சில கீபோர்டுகள் நேரான மேற்கோள் குறியைத் தாமாகவே வளைந்த குறியாக மாற்றும். "6ku" என்பதை 6’ku என்று எழுதி, நடுவில் வளைந்த குறி விழுந்தால், அந்தக் குறி ஆங்கிலச் செய்தியின் 7 பிட் அட்டவணையில் இல்லை. முழுச் செய்தியும் 70 எழுத்து முறைக்கு மாறும். 75 எழுத்துப் பதில் இரண்டு துண்டாகும், இரண்டு செய்திக்குக் காசும் போகும். நீண்ட கோடும் இதே வேலையைச் செய்யும். அடைப்பில் வரும் [ ] போன்ற குறிகள் அட்டவணையில் இருந்தாலும் ஒவ்வொன்றும் இரண்டு இடம் எடுக்கும். செய்தி எழுதும் பெட்டியின் ஓரத்தில் மிச்ச இடத்தையும் செய்தி எண்ணிக்கையையும் காட்டி 86/1 என்று இறங்கிக்கொண்டிருந்த எண் திடீரென்று 59/2 என்பதுபோல் குதித்தால், இப்படியொரு குறி நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

தமிழ் எழுத்துரு இல்லாத பழைய போனில் தமிழ்ச் செய்தி வெறும் பெட்டிகளாகத் தெரியும். அங்கே இந்த முறையைத் தவிர வழியில்லை. அடையாளம் சுலபம்: கேள்வி எந்த எழுத்தில் வந்ததோ அந்த எழுத்திலேயே பதில் போகட்டும்.

இரண்டு துண்டு: போனே உடைப்பதா, நாமே உடைப்பதா

சில பதில் 70க்குள் அடங்காது. குடாவுக்குள் போகலாம், வெளியே போகக் கூடாது என்று இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைப்போம்:

```
புதன் கொட்டியாரக் குடாவுக்குள் மட்டும் வலை போடலாம்; வெளிக்கடலுக்குப் போகாதீங்கோ.
```

இது 80. போன் இதை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் 6 பைட் குறிப்பு ஒன்றை ஒட்டும்: எந்தச் செய்தியின் துண்டு, மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது. அதனால் துண்டுக்கு மிஞ்சுவது 67 தமிழ் எழுத்து (ஆங்கிலத்தில் 160க்குப் பதில் 153). வாங்கும் போன் குறிப்பைப் பார்த்து ஒட்டிக் காட்டும். நல்ல நாளில் யாருக்கும் தெரியாது.

கெட்ட நாளில், இரண்டாம் துண்டு பிந்தினால் அல்லது இடையில் உள்ள ஏதாவது அந்தக் குறிப்பைத் தவறவிட்டால், முதல் 67 தனியாக நிற்கும். மேலே உள்ள செய்தியை எண்ணிப் பாருங்கள்: 67ஆவது இடம் "வெளிக்கடலுக்குப்" என்பதன் கடைசி ப. அதன் புள்ளி 68ஆவது. ஆக முதல் துண்டு "மட்டும் வலை போடலாம்; வெளிக்கடலுக்குப" என்று முடிகிறது, இரண்டாவது ஒரு அநாதைப் புள்ளியோடு தொடங்கி "போகாதீங்கோ" என்கிறது. தடைச் சொல் முழுவதும் மறுபக்கம் போய்விட்டது. முதல் துண்டை மட்டும் பார்த்தவர் வெளிக்கடலுக்குப் போகலாம் என்றே எடுத்துக்கொள்ள இடமுண்டு.

நாமே உடைத்து, "1/2 ", "2/2 " என்று எண் போட்டு இரண்டு தனிச் செய்தியாக அனுப்பினால், எண்ணும் இடைவெளியும் நான்கு இடம் எடுக்கும், துண்டுக்கு 66. போன் தரும் 67க்கும் இதற்கும் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், காசும் ஒன்றே. ஆனால் வெட்டு எங்கே விழுகிறது என்பது நம் கையில். ஒரு துண்டு வராவிட்டால், எண்ணைப் பார்த்து இன்னொன்று பாக்கி என்று வாசிப்பவருக்கும் தெரியும்.

உண்மையில் இந்தப் பதிலுக்கு இரண்டு துண்டே தேவையில்லை. தடையை முன்னால் கொண்டுவந்தால் போதும்:

```
புதன் வெளிக்கடல் போகாதீங்கோ. குடாவுக்குள் மட்டும் சரி. காற்று 60 கிமீ
```

69 எழுத்து. மூதூர்க்காரருக்குக் குடா என்றால் கொட்டியாரக் குடாதான். தம்பலகாமம் பக்கத்து ஆளுக்கு அனுப்பும்போது பெயரைச் சேர்த்து, காற்றின் வேகத்தை விட்டுவிடலாம். வேகம் தெரியாமல் போனாலும் எங்கே போகக் கூடாது என்பது தெரிந்திருக்கும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| வழி | இடம் | எங்கே காலை வாரும் |
|---|---|---|
| தமிழ், ஒன்று | 70 | எமோஜி, நீளமான கிழமைப் பெயர் |
| ஆங்கில எழுத்து | 160 | வளைந்த குறி; vendam/vendum |
| போன் உடைக்கும் இரண்டு | 67+67 | வெட்டு எழுத்தின் நடுவில் விழும் |
| எண் போட்ட இரண்டு | 66+66 | ஒன்று வராமல் போகலாம், ஆனால் தெரியும் |

எங்கள் தேர்வு தமிழில் ஒன்று. அடங்காவிட்டால் எண் போட்ட இரண்டு. போனை உடைக்க விடுவது கடைசி. சிங்களம் பேசும் அங்கத்தவருக்கும் ஒரே செய்தியில் இரு மொழியும் திணிக்க வேண்டாம். சிங்களமும் அதே 70 முறைதான், பாதி பாதியாகப் பிரித்தால் 35இல் ஒன்றும் சொல்ல முடியாது. தனித்தனியே அனுப்புங்கள்.

பலருக்கும் ஒரே நேரத்தில் கணினியிலிருந்து அனுப்பும் சங்கங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாமினியில் தட்டி யூனிகோடாக மாற்றிய வரியில் "ொ" என்பது ெ, ா என்று இரண்டாகப் பிரிந்து நின்றால் திரையில் ஒரே மாதிரித் தெரியும். கணக்கில் ஒன்று கூடும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஒட்டிக்கொண்டு வரலாம். கண்ணால் எண்ணாமல் பைதானில் இப்படி எண்ணலாம்:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", input("செய்தி: "))
print(s, len(s.encode("utf-16-be")) // 2)
```

இரண்டாவது வரி பிரிந்த கொம்பைச் சேர்த்துவிடும், ஆகவே திரையில் அது காட்டும் வரியையே அனுப்புங்கள். மூன்றாவது எமோஜியையும் இரண்டாகவே எண்ணும். இணைப்புக் குறியை இது நீக்காது, ஆனால் எண்ணில் சேர்த்துக் காட்டும்: நீங்கள் எண்ணியது 70, இது சொல்வது 71 என்றால் வரியை அழித்து மறுபடி தட்டுங்கள்.