இ-இன்வாய்ஸ்ல கஸ்டமர் ஜிஎஸ்டி நம்பர் மாறிப்போனா கேன்சல் பண்ணி மறுபடி போடுறது: ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டிப் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரில பில்லிங், அக்கவுண்ட்ஸ் ரெண்டும் என் தலையில தான். 2023 ஆகஸ்ட்ல அஞ்சு கோடி டர்ன்ஓவருக்கு மேல இருக்கிறவங்க எல்லாருக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம்னு வந்தப்போ நாங்களும் உள்ள வந்தோம். அதுக்கு முன்னாடி பேர் தப்பாப் போச்சுன்னா பில்லைக் கிழிச்சுப் போட்டுட்டு அதே நம்பர்ல வேற அடிச்சுக் குடுத்துருவோம், யாரும் கேட்டதில்ல. இப்போ அந்த வேலை நடக்காது. நான் பண்ணின தப்பு, அதைச் சரி பண்ணப் போய் மேல பண்ணின தப்பு, எல்லாத்தையும் சேர்த்தே எழுதுறேன்.

மொதல்ல தப்பு எப்படி வருதுன்னு சொல்லிடறேன். ஜிஎஸ்டி நம்பரைக் கையில டைப் பண்ணி ஒரு எழுத்து மாறுனா பெரும்பாலும் பிரச்சினையே வராது, ஏன்னா பதினஞ்சாவது எழுத்து மத்த பதினாலையும் வச்சு கணக்குப் போட்டு வர்ற செக் டிஜிட், பொருந்தலைன்னா போர்ட்டல் அங்கயே எரர் காட்டிரும். உண்மையான ஆபத்து என்னன்னா நம்பர் சரியான நம்பரா இருக்கும், ஆனா வேற ஆளோடதா இருக்கும். எங்க கஸ்டமர் ஒருத்தருக்கு ரெண்டு கம்பெனி. அப்பா பேர்ல பழைய புரொப்ரைட்டர் ஃபர்ம், பையன் ஆரம்பிச்ச பிரைவேட் லிமிடெட் ஒண்ணு, ரெண்டும் ஒரே தெரு, பேர்ல கடைசி வார்த்தை மட்டும் தான் வேற. சாஃப்ட்வேர்ல லெட்ஜர் லிஸ்ட்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நிக்கும். சாயங்காலம் வண்டி லோடு ஏறி டிரைவர் ஹாரன் அடிக்கிற நேரத்துல ஒரு ஆரோ கீ கூட அழுத்தினா போதும், முடிஞ்சுது. போர்ட்டலுக்கு ரெண்டுமே ஆக்டிவ் நம்பர், அது பாட்டுக்கு ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் குடுக்கிற ஐஆர்என்ங்கிற நம்பரைக் குடுத்துரும்.

முதல் தடவை மாட்டுனது இப்படித்தான். சரக்கு காஸ்டிங், மதிப்பு 1,60,000, சிஜிஎஸ்டி 14,400, எஸ்ஜிஎஸ்டி 14,400, மொத்தம் 1,88,800. தமிழ்நாட்டுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல போனா இ-வே பில் வேணும்கிறதால அதையும் கையோட எடுத்தாச்சு. வண்டி கேட்டைத் தாண்டிப் போன பத்து நிமிஷத்துல ஆபீஸ் காப்பிய ஃபைல்ல போடும்போது தான் பாக்குறேன், பையன் கம்பெனி ஆர்டருக்கு அப்பா ஃபர்ம் பேர்ல பில்லு. டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டு "அண்ணா எங்க இருக்கீங்க, அப்படியே நில்லுங்க, பில்லு மாறிப்போச்சு"ன்னேன். நல்லவேளை மெயின் ரோட்டு டீக்கடைல தான் நின்னுட்டு இருந்தாரு.

அப்போ பதட்டத்துல நான் பண்ணின முட்டாள்தனம், டேலில போய் அந்த வவுச்சர டெலிட் பண்ணிட்டேன். `Alt+D`. சாஃப்ட்வேர்ல அழிச்சா போர்ட்டல்லயும் போயிரும்னு நெனப்பு. போகாது. ஐஆர்என் கவர்மெண்ட் போர்ட்டல்ல உயிரோட தான் இருக்கும், அது நாம போடுற விற்பனை ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-1ல தானா வந்து ஒக்காரும், நம்ம புக்ல பில்லே இல்லாம அங்க மட்டும் வரி நிக்கும். அழிச்சதை மறுபடி அதே நம்பர்ல என்ட்ரி போட்டு அப்புறம் தான் மேல போக முடிஞ்சுது. இப்போ எப்பவும் `Alt+X` மட்டும் தான், அது வவுச்சர அழிக்காம கேன்சல்னு குறிச்சு வச்சுக்கும், நம்பர் வரிசையும் உடையாது. அதையும் போர்ட்டல் வேலை முடிஞ்சதுக்கு அப்புறம் தான் தொடணும்.

அடுத்து போர்ட்டல்ல ஐஆர்என்ன கேன்சல் பண்ணப் போனா விடலை. இ-வே பில் ஆக்டிவா இருக்கிற வரைக்கும் ஐஆர்என் கேன்சல் ஆகாது. அதனால முதல்ல இ-வே பில் கேன்சல், அப்புறம் ஐஆர்என் கேன்சல், காரணம் கேக்குற எடத்துல Data entry mistake, ரிமார்க்ஸ்ல Wrong buyer GSTIN. அதுக்கப்புறம் புது பில், புது ஐஆர்என், புது இ-வே பில். ரெண்டு கேன்சலுக்குமே ஜெனரேட் ஆன நேரத்துல இருந்து 24 மணி நேரம் தான் டைம். நடுவழில ஆபீசர் வண்டிய நிறுத்தி இ-வே பில்ல செக் பண்ணி ஓகே போட்டுட்டாருன்னா அது கேன்சலே ஆகாது, அப்போ ஐஆர்என்னும் மாட்டிக்கும்.

புது பில்லுக்கு அதே நம்பரைப் போட்டா சுத்தமா இருக்குமேன்னு அதையும் முயற்சி பண்ணினேன், நடக்கலை. ஐஆர்என்ங்கிறது நம்ம ஜிஎஸ்டி நம்பர், நிதியாண்டு, டாக்குமெண்ட் வகை, பில் நம்பர் இந்த நாலையும் சேர்த்து உருவாக்குற 64 எழுத்து. வாங்குறவர் நம்பர் அதுல இல்லவே இல்லை. அதனால கஸ்டமரை மாத்தினாலும் போர்ட்டலுக்கு அது பழைய பில்லு தான், ஒரு தடவை கேன்சல் ஆன நம்பருக்கு மறுபடி குடுக்காது. பின்னாடி ஒரு A சேர்த்துப் போட்டா வாங்கிக்கும், ஆனா ஆடிட்டர் வேண்டாம்னுட்டாரு, தொடர் வரிசை கெடுதாம். அடுத்த நம்பரை எடுத்துக்கோ, கேன்சல் ஆனதை ஜிஎஸ்டிஆர்-1 டேபிள் 13ல கேன்சல் எண்ணிக்கைல காட்டுன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு வண்டி திரும்பக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆச்சு, டிரைவர் அண்ணனுக்கு வடை செலவு என்னோடது.

இதுவரைக்கும் சுலபமான கேஸ். ரெண்டாவது தடவை அதே ரெண்டு கம்பெனி, அதே தொகை, இந்தத் தடவை மாசக் கடைசி, ஆறு நாள் கழிச்சு அடுத்த மாசம் மூணாந்தேதி அவங்க அக்கவுண்டன்ட் அக்கா கூப்பிட்டு "தம்பி எங்க பில்லு பெரியவர் ஃபர்ம்ல ஏத்தியிருக்கீங்க"ன்னாங்க. 24 மணி நேரம் எப்பவோ போச்சு, சரக்கும் போய் இறங்கி மெஷினிங்கே முடிஞ்சிருச்சு. போர்ட்டல்ல கேன்சலுக்கு வழியே கிடையாது.

11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 டிராஃப்ட்ல போய் வாங்குறவர் நம்பரை மாத்தி விட்டுரலாமேன்னு நான் கேட்டேன். மாத்தலாம் தான், ஆனா தானா வந்து ஒக்காந்த அந்த வரியை எடிட் பண்ணின உடனே ஐஆர்என், ஐஆர்என் தேதி எல்லாம் காலியாயிரும், நாம கையால ஏத்துன பில்லு மாதிரி ஆயிரும். கஸ்டமர் கையில இருக்கிற பேப்பர்லயும் க்யூஆர்லயும் அப்பாவோட நம்பர், ரிட்டர்ன்ல பையனோட நம்பர். இ-இன்வாய்ஸ் போட வேண்டியவன் ஐஆர்என் இல்லாம குடுத்தா அது பில்லே இல்லைன்னு ரூல் 48லயே இருக்குன்னு ஆடிட்டர் ஒத்துக்கலை. ரிட்டர்ன் போட்டதுக்கு அப்புறமும் அடுத்த மாச ஜிஎஸ்டிஆர்-1ல டேபிள் 9A வழியா வாங்குறவர் நம்பரை மாத்தலாம், பேப்பர் பொருந்தாத பிரச்சினை அங்கயும் அப்படியே தான் இருக்கும். புதுசா வந்த ஜிஎஸ்டிஆர்-1Aல மாத்தலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மத்த தப்பை எல்லாம் திருத்தலாம், வாங்குறவர் நம்பரை மட்டும் அதுல மாத்த விடாது.

எங்களுக்குச் சொன்ன வழி, அப்பா ஃபர்முக்கு முழுத் தொகைக்கும் ஒரு கிரெடிட் நோட், அதுக்கும் தனியா ஐஆர்என், பையன் கம்பெனிக்கு அன்னைக்குத் தேதில புது நம்பர்ல புது பில்லு. கிரெடிட் நோட்ல பழைய பில் நம்பரும் தேதியும் கட்டாயம் இருக்கணும். சரக்கு மறுபடி நகரலை, அதனால புது இ-வே பில் எடுக்கலை, பழைய பில் நம்பரையும் பழைய இ-வே பில் நம்பரையும் புது பில் ரிமார்க்ஸ்ல எழுதினோம். செக்ஷன் 34ல கிரெடிட் நோட்டுக்குச் சொல்லியிருக்கிற காரணங்கள்ல பேர் மாறினதுன்னு நேரா ஒண்ணும் இல்லை, அதனால ரெண்டு கம்பெனிகிட்டயும் சரக்கு யாருக்கு வந்துச்சுன்னு ஒரு லெட்டர் எழுதி வாங்கி ஃபைல்ல வச்சுட்டார் ஆடிட்டர். ஆளாளுக்கு இதுல கருத்து வேற, உங்க ஆடிட்டர் 9A தான்னு சொன்னா அவரோட சண்டை போடாதீங்க.

முதலாளி கேட்ட ஒரே கேள்வி, வரி ரெண்டு தடவை கட்டணுமான்னு. இல்லை. போன மாசக் கணக்குல 28,800 போயிருச்சு, இந்த மாசம் புது பில்லுக்கு 28,800 கூடும், கிரெடிட் நோட்டுக்கு 28,800 குறையும், இந்த மாசத்துக்கு ஒண்ணும் இல்லை. கஷ்டப்பட்டது பையன் கம்பெனி தான், அவங்களுக்கு இன்புட் ஒரு மாசம் தள்ளிப்போச்சு, அந்த அக்கா ரெண்டு வாரம் என்கிட்ட சரியாவே பேசலை.

யாரும் சொல்லாம நானா கண்டுபிடிச்ச குழி ஒண்ணு இருக்கு. 2024 அக்டோபர்ல இருந்து ஐஎம்எஸ்னு ஒரு ஸ்கிரீன் வந்திருக்கு, அதுல வாங்குறவர் நம்ம பில்லு, கிரெடிட் நோட்டு எல்லாத்தையும் அக்செப்ட் பண்ணலாம், ரிஜெக்ட் பண்ணலாம். பெரியவர் ஃபர்ம் கணக்குப் பாக்கிறவர் வேற ஆளு, அவருக்கு விஷயமே தெரியாது. "இது நமக்கு சம்பந்தமில்லாத கிரெடிட் நோட்டு"ன்னு அவர் ரிஜெக்ட் அழுத்திட்டாருன்னா அந்த 28,800 நம்ம தலையில திரும்ப ஏறிரும், அப்போ தான் நிஜமாவே ரெண்டு தடவை கட்டுன மாதிரி ஆகும். அவருக்குப் போன் பண்ணி கிரெடிட் நோட்டை அக்செப்ட் பண்ணுங்க, பழைய பில்லுக்கு இன்புட் எடுத்திருந்தா ரிவர்ஸ் பண்ணிருங்கன்னு சொல்லி, வாட்ஸப்ல ஸ்கிரீன்ஷாட் வாங்கின அப்புறம் தான் அன்னைக்குத் தூங்குனேன்.

நம்பர் சரி, பேர் மட்டும் தப்புன்னா இவ்வளவு ஆட்டம் தேவையில்லை. போர்ட்டல் பேரை நம்பரோட ஒத்துப் பாக்கிற மாதிரி எனக்குத் தெரியலை, நாங்க ஒரு தடவை 'அண்ட் சன்ஸ்' விட்டுட்டுப் போட்டப்பவும் ஐஆர்என் வந்துச்சு. க்யூஆர்குள்ளயும் வாங்குறவர் பேர் கிடையாது, நம்பர் மட்டும் தான். அன்னைக்கே தெரிஞ்சா கேன்சல் பண்ணிப் புதுசு போட்டுருவேன், நாள் கடந்துட்டா ஒரு லெட்டர் குடுத்து முடிச்சுக்கிறது. சில கம்பெனி ஸ்டோர்ஸ்காரங்க மட்டும் ஆர்டர்ல இருக்கிற பேர் எழுத்துக்கு எழுத்து இல்லைன்னா கேட்லயே திருப்பி அனுப்புவாங்க, அவங்களுக்கு மட்டும் லோடு ஏத்தறதுக்கு முன்னாடியே பில்லோட பிடிஎஃப்ப அனுப்பி ஓகே வாங்கிக்கிறேன்.

இப்போ என் பழக்கம் என்னன்னா நம்பர்ல ஆறாவது எழுத்தைப் பாக்கிறது. மூணாவதுல இருந்து பத்து எழுத்து பான் நம்பர், பான்ல நாலாவது எழுத்து ஆள் யாருன்னு சொல்லும், P-ன்னா தனி ஆள், C-ன்னா கம்பெனி, F-ன்னா பார்ட்னர்ஷிப் ஃபர்ம். லெட்ஜர் பேருக்கு முன்னாடியே P அப்பா, C பையன்னு எழுதி வச்சுட்டேன், பிரிண்ட்ல வர்ற பேரு தனி ஃபீல்டுங்கிறதால கஸ்டமருக்குத் தெரியாது. வண்டிக்கு கேட் பாஸ் போடுற வாட்ச்மேன் அய்யாகிட்டயும் ஆர்டர் காப்பி ஒண்ணு குடுத்திருக்கேன், பில்லுல அந்த எழுத்தும் அதுவும் ஒண்ணா இருந்தா தான் கேட் திறப்பாரு. போன மாசம் அவர் ஒரு வண்டிய நிறுத்திட்டாரு, பாத்தா ஆர்டரைத் தப்பா வாங்கிட்டு வந்தது எங்க சேல்ஸ் தம்பி.