15 வாட் என்று நம்பி வாங்கிய வயர்லெஸ் சார்ஜர்: தயவுசெய்து ஏமாறாதீர்கள்

மூன்று மாதம் சேர்த்த பணம் போய்விட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மின்னணுப் பொருள்கள் விற்கும் ஓர் இணையதளத்தில்தான் வாங்கினேன். "15 வாட் வேகம், எப்படி வைத்தாலும் ஏறும்" என்று போட்டிருந்தார்கள். என் போனின் உறை தடிமனானது, பரவாயில்லையா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "கவலையே வேண்டாம் சார், நானே உறையோடுதான் வைக்கிறேன்" என்றார். அந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்தேன்.

முதல் நாள் இரவு 11 மணிக்கு 12 சதவீதத்தில் வைத்தேன். காலை 6 மணிக்கு 61 சதவீதம்தான் இருந்தது. உறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தால், முதுகில் ஒரு வட்டம் மட்டும் சுட்டது.

புகார் செய்தேன். "சூடாகத்தான் செய்யும்" என்றார்கள். மறுநாள், "உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள்" என்றார்கள். வாங்கும்போது சொன்னது என்ன? அடுத்து அடாப்டர் மேல் பழி. கடைசியில், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க இயலாது."

பிறகு நானே உட்கார்ந்து சோதித்தேன். சார்ஜரிலும் போனின் முதுகிலும் ஒவ்வொரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. கீழே உள்ள சுருளின் காந்தப் புலம் மேலே உள்ளதில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடினாலோ மையம் விலகினாலோ புலத்தின் பெரும்பகுதி போனைச் சேர்வதில்லை. ஈடுகட்ட சார்ஜர் கூடுதல் மின்சாரத்தைச் செலுத்துகிறது. அது சுருளில் வெப்பமாகிறது. பேட்டரி சூடானால் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இளஞ்சூடு எப்போதும் இருக்கும். சுடுவதும் மெதுவாக ஏறுவதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவுகோல் வைத்துப் பார்த்தேன், என் உறை 4 மில்லிமீட்டர். பல சார்ஜர்கள் இவ்வளவு தடிமனில் தடுமாறும். உறையோடு ஒரு மணி நேரத்தில் 8 சதவீதம் ஏறியது. உறையைக் கழற்றி நடுவில் சரியாக வைத்தபோது 24 சதவீதம்.

ஆனால் 15 வாட் என்றால் 24 எப்படிப் போதும்? என் பேட்டரி 4500 மில்லி ஆம்பியர் மணி, ஏறத்தாழ 17 வாட் மணி. அதில் 24 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்தில் சுமார் 4 வாட்தான் உள்ளே போயிருக்கிறது. இது 5 வாட் சார்ஜர்! நண்பரின் சார்ஜரில் அதே போன், அதே அடாப்டர், ஒரு மணி நேரத்தில் 52 சதவீதம். அடாப்டர் மேல் போட்ட பழியும் பொய். மூன்று மாதச் சேமிப்புக்கு இதுதான் கிடைத்தது.

அவசரமாகச் சில வார்த்தை: வாங்கிய அன்றே உறையில்லாமல் ஒரு மணி நேரம் வைத்துக் கணக்குப் பாருங்கள், பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள். உறைக்குள் உலோகத் தகடு இருந்தால் வைக்கவே வேண்டாம், அது கொதிக்கும். விற்பனையாளரின் பதிலை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, இப்போது அந்த உரையாடலையே அழித்துவிட்டார்கள்.