சுருட்டை முடியைக் காய வைத்து வெட்டிய பிறகு: இரண்டரை வருட அனுபவம்

எனக்குப் பேனாவில் சுற்றிவிட்ட மாதிரி சுருள் விழும் முடி. பின்னிக்கொண்டே திரிந்தவரை பிரச்சினை இல்லை. வேலைக்குச் சேர்ந்து விரித்துவிட ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, வகிட்டின் இரண்டு பக்கமும் திரை போட்ட மாதிரி முடி இறங்கி முகத்தை மூடிவிடுகிறது. போட்டோக்களில் மூக்கும் கண்ணாடியும்தான் இருக்கும்.

பார்லரில் வழக்கமாக நனைத்து, சீப்பால் படிய வாரி, விரல் இடுக்கில் இழுத்துப் பிடித்து நேர்கோடாக வெட்டுவார்கள். ஈரத்தில் தாடைக்கு நிற்கும். வீட்டுக்கு வந்து காய்ந்தால் உதட்டுக்கு ஏறிவிடும். ஒருநாள் ஸ்கேல் வைத்தே அளந்து பார்த்தேன். முன்நெற்றிச் சுருளை இழுத்தால் 26 செ.மீ., விட்டால் 17. காதுக்குப் பின்னால் இருப்பதும் இழுத்தால் அதே 26தான், ஆனால் விட்டால் 14. ஒரே தலையில் சுருள் இடத்துக்கு இடம் வேறு மாதிரி சுருங்கும்போது, ஈரத்தில் போட்ட நேர்கோடு காய்ந்த பிறகு எப்படி நேராக நிற்கும்?

இன்னொரு இடத்தில் "ரொம்ப அடர்த்தியா இருக்கு" என்று தின்னிங் கத்தரியை உள்ளே விட்டார்கள். அன்றைக்கு இலேசாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் உள்ளே குட்டையாக வெட்டுப்பட்ட முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு மேல்முடியைத் தள்ள ஆரம்பித்தது. மேலே தட்டை, கீழே விரிவு, அச்சு அசல் முக்கோணம். அது சரியாவதற்கு எட்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகுதான் காய்ந்த முடியில் வெட்டும் ஓர் அக்காவிடம் போனேன். முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், பின்னாமல் வரச் சொன்னார். தினமும் எப்படி விழுகிறதோ அப்படியே பார்க்க வேண்டுமாம். பத்து நிமிடம் கத்தரியே எடுக்கவில்லை, என்னைத் திரும்பவும் குனியவும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் காட்டிய ஒன்றை இன்றுவரை மறக்கவில்லை. சுருள் இறங்கும்போது ஒரு வளைவு முகத்தை நோக்கி வரும், அடுத்த வளைவு விலகிப் போகும். முகத்தை நோக்கி வரும் வளைவில் முனை நின்றால் கன்னத்தில் குத்திக்கொண்டு மறைக்கும். விலகும் வளைவில் நின்றால் கன்னம் திறக்கும். அதனால் இழுக்காமல், சுருளைத் தொங்கவிட்டபடியே ஒவ்வொன்றாக வெட்டினார். முதலில் உதட்டளவுக்கு வெட்டி, உதறிவிட்டு, அது எழும்பி நிற்பதைப் பார்த்து, பிறகு கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தார். அதற்கடுத்த சுருள் தாடைக்கு, அதற்கடுத்தது கழுத்துக்கு. ஒரு பக்கத்துக்கு மூன்று சுருள், அவ்வளவுதான் மாற்றம். "நெத்திலயும் ஒண்ணு விடலாமாக்கா?" என்று கேட்டதற்கு, "இன்னைக்கு வேண்டாம்மா, வெட்டினத ஒட்ட முடியாது" என்றார். அவர் பேச்சை நான் கேட்கவில்லை. அடுத்த முறை பிடிவாதமாக விட்டுக்கொண்டேன். வியர்வையில் நெற்றியோடு ஒட்டி, மூன்று மாதம் ஹேர்பின் போட்டே ஓட்டினேன்.

வெட்டு சரியாக இருந்தாலும், முடி எந்தப் பக்கம் விழும் என்பது ஈரத்திலேயே முடிவாகிவிடுகிறது. கண்டிஷனர் போட்டிருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கு எடுத்துவிடுவேன். அலசிய பின் தண்ணீர் சொட்டச் சொட்ட ஜெல் போட்டு, முன் சுருள்களை விரலில் முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சுற்றிவிடுவேன். வகிட்டின் இரு பக்கமும் வேரைச் சற்றுத் தூக்கி ஒவ்வொரு கிளிப். காயும்வரை கையே வைக்கக் கூடாது, பாதி காய்ந்ததைத் தொட்டால் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடும். முழுக்கக் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கும். அப்போது உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மெதுவாகக் கசக்கினால் விறைப்பு போய்ச் சுருள் மட்டும் நிற்கும்.

சென்னை மழைக்காலத்தில் மட்டும் இதுவும் தோற்றது. கிளிசரின் அதிகம் உள்ள ஜெல்லைப் போட்ட நாட்களில் மதியத்துக்குள் முடி ஊதிவிடும். ஈரக் காற்றிலிருந்து அது தண்ணீரை இழுத்துக்கொள்வதுதான் காரணம். கிளிசரின் இல்லாததாக மாற்றிய பிறகு சாயங்காலம்வரை தாங்குகிறது.

ஹெல்மெட்டில் சுருள் நசுங்குவதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஆபீஸ் போனதும் முன்னால் உள்ள சுருள்களை மட்டும் ஸ்ப்ரே பாட்டிலால் நனைத்துத் திரும்பச் சுற்றிவிடுகிறேன், ஐந்து நிமிட வேலை. நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை முன்பக்கத்தை மட்டும் திருத்திக்கொள்கிறேன். கன்னத்தில் நிற்க வேண்டிய முனை தாடைக்கு இறங்கிக் கண்ணாடிக் காம்பில் மாட்ட ஆரம்பித்தால், அக்காவுக்குப் போன் போட வேண்டிய நேரம்.