கட்டில் வாடகைக்கு எடுக்கும் முன் வீட்டு உரிமையாளர் யாரென்று கேளுங்கள்

வேலைக்காகப் புதிதாக நகரத்துக்கு வருபவர்களுக்கு மெத்தை, வைஃபை, துப்புரவு எல்லாம் சேர்த்து ஒரே மாத வாடகையில் கட்டில் தரும் நிறுவனம் ஒன்றில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்தோம், முன்பணம் மொத்தமும் போய்விட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

வீடு அவர்களுடையது இல்லை. உரிமையாளரிடம் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, கட்டில் கட்டிலாக உள்வாடகைக்கு விட்டிருந்தார்கள். இது எங்களுக்குத் தெரிந்ததே உரிமையாளர் கதவைத் தட்டிய அன்றுதான். "மூணு மாசமா வாடகை வரல, நீங்கல்லாம் யாரு?" என்று கேட்டார். நாங்களோ மாதம் தவறாமல் கட்டியிருக்கிறோம், ரசீது ஃபோனிலேயே இருக்கிறது. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு அனுமதியே இல்லை, அதனால் எங்கள் ரசீதை அவரிடம் காட்டி ஒரு பயனும் இல்லை.

இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று பிறகுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். வீட்டு வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கட்டில், தலைக்கு 30 என்றால் 180 வரும். மின்சாரம், வைஃபை, துப்புரவு, பழுது என்று 50 போனால் மிச்சம் 30. அதாவது ஒரே ஒரு கட்டில் காலியானாலே லாபம் பூஜ்யம், இரண்டு காலியானால் கைக்காசு போட வேண்டும். அப்போது அவர்கள் கை வைப்பது புதிதாக வருபவரின் முன்பணத்தில்தான், அதை வைத்துத்தான் பழைய வாடகையும் காலி செய்பவரின் பாக்கியும் ஓடுகிறது. ஆள் வருவது நின்றதும் எல்லாம் நின்றுவிடும்.

அறிகுறிகள் முன்னாலேயே தெரிந்தன. ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். காலி செய்தவர்களுக்கு "அடுத்த வாரம்" என்றே பதில் வந்தது. துப்புரவுக்கு வருபவர் சம்பளம் வரவில்லை என்று நின்றுவிட்டார், இதுதான் எங்களுக்கு முதலில் உறைத்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, சேர்வதற்கு முன் உரிமையாளரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தைக் கேளுங்கள். தொகையை மறைத்துக்கொள்ளட்டும், உள்வாடகைக்கு அனுமதி என்ற வரியும் முடியும் தேதியும் தெரிந்தால் போதும். அந்தத் தேதியைத் தாண்டி உங்களிடம் பணம் வாங்க அவர்களுக்கு வழியில்லை. காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள். வருட வாடகையை மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள்.

இந்தத் தொழிலை நேர்மையாக நடத்த நினைப்பவர்கள் முன்பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வையுங்கள். இங்கிலாந்தில் 2007 முதல் பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்கு முன்பணத்தைப் பாதுகாப்பது சட்டமே, இப்போது வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் அதைக் கொண்டுவந்தாக வேண்டும்.

இப்போதே மாட்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் காலி செய்யாமல் ஒன்றாக உரிமையாளரைப் பாருங்கள். எங்களில் நான்கு பேர் அவரோடு நேரடியாக ஒப்பந்தம் எழுதி அதே வீட்டில்தான் இருக்கிறோம்.