25 கேவிஏஆர் என்று வாங்கிய கெப்பாசிட்டர் 15.6 மட்டும் தருகிறது: கவனம்

கெப்பாசிட்டர் பேங்க் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு லேத் பட்டறையில் நடந்தது இது. பேங்க் மாட்டி இரண்டு மாதம் ஆகியும் பவர் ஃபேக்டர் 0.90-ஐத் தாண்டவில்லை. விற்றவரோ "உங்கள் மோட்டார்தான் பழசு" என்று கைகழுவிவிட்டார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

பட்டறையின் லோடு 40 கிலோவாட், 415 வோல்ட், மூன்று பேஸ். பவர் ஃபேக்டர் 0.75. அதை 0.95-க்குக் கொண்டுவர வேண்டும். பவர் ஃபேக்டர் கோணத்தின் டான் மதிப்பு 0.75-க்கு 0.882, 0.95-க்கு 0.329. வித்தியாசமான 0.553-ஐ 40-ஆல் பெருக்கினால் தேவையான கெப்பாசிட்டர் அளவு 22.1 கேவிஏஆர். கொட்டேஷனில் 25 கேவிஏஆர் என்று இருந்தது, கணக்கு சரிதானே என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

வந்து இறங்கிய பெட்டியின் நேம்பிளேட்டிலும் 25 கேவிஏஆர்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் 525 வோல்ட் என்று சின்ன எழுத்தில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. கெப்பாசிட்டர் தரும் கேவிஏஆர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 525-இல் 25 தருவது 415-இல் எவ்வளவு தரும் என்று பாருங்கள்:

```
25 × (415/525)² = 15.6 kVAr
25 × (415/440)² = 22.2 kVAr
```

440 வோல்ட் பெட்டியாக இருந்திருந்தால் தேவைக்குக் கச்சிதமாக வந்திருக்கும். 15.6-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பவர் ஃபேக்டர் 0.90-இல் நிற்கிறது. பட்டறையின் மீட்டர் காட்டியதும் அதேதான்.

கேட்டால் "525 தான் சார் ஸ்ட்ராங், சீக்கிரம் போகாது" என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் நிறைய ஓடும் இடத்தில் அவை கிளப்பும் ஹார்மோனிக்குக்காக 7 சதவீத ரியாக்டர் சேர்த்து மாட்டுவார்கள். அப்போது கெப்பாசிட்டரின் மேல் விழும் வோல்டேஜ் 415-இலிருந்து சுமார் 446-க்கு ஏறும், அதனால் அங்கே உயர் வோல்டேஜ் பெட்டி போடுவது முறை. ஆனால் அப்படிப் போடுகிறவர் 415-இல் கிடைக்கும் கேவிஏஆரைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இந்தப் பட்டறையில் ரியாக்டரும் இல்லை, குறையும் கேவிஏஆரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்ததுதான் பெரிய பொறி. பட்டறைக்காரர் சந்தேகப்பட்டதும் விற்றவரின் ஆள் மீட்டரோடு வந்தார். தேவையான கெப்பாசிட்டன்ஸை அவரே காகிதத்தில் போட்டார்:

```
C = Q / (3 × 2πf × V²)
  = 22100 / (3 × 314.16 × 415²) ≈ 136 µF
```

கணக்கில் பிழை இல்லை. டெல்டாவில் ஒவ்வொரு பேஸுக்கும் 136 மைக்ரோஃபாரட் வேண்டும். பிறகு இரண்டு டெர்மினலுக்கு நடுவே மீட்டரை வைத்தார். 144 காட்டியது. "பாருங்கள், அதிகமாகவே இருக்கிறது" என்றார்.

டெல்டாவில் இரண்டு டெர்மினலுக்கு நடுவே அளந்தால் ஒரு கெப்பாசிட்டர் மட்டும் தெரியாது. மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்து பாதி மதிப்போடு அதற்கு இணையாக நிற்கும். ஆகவே மீட்டர் காட்டுவது ஒன்றரை மடங்கு. 144-ஐ 1.5-ஆல் வகுத்தால் 96 மைக்ரோஃபாரட். 25 கேவிஏஆர், 525 வோல்ட் பெட்டிக்கு அதுதான் சரியான மதிப்பு, அந்தப் பட்டறைக்கு அது போதாது. 136 வேண்டுமென்றால் மீட்டரில் 204 தெரிய வேண்டும். மூன்று ஜோடியையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் விலகி நின்றால் உள்ளே ஒரு எலிமெண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அளக்கும் முன் சப்ளையைத் துண்டித்து ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் சார்ஜ் அப்படியே நிற்கும், அதனால் வோல்ட்மீட்டர் வைத்து பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகே டெர்மினலில் கை வைக்க வேண்டும். இதில் அவசரம் உயிரைக் கேட்கும்.

கழற்ற முடியாதவர்கள் ஓடும்போதே கெப்பாசிட்டர் லைனில் கிளாம்ப் மீட்டர் போடலாம். 415 வோல்டில் 22.2 கேவிஏஆருக்கு 31 ஆம்பியர் வர வேண்டும். அந்தப் பெட்டியில் 21.7 தான் வந்தது. டிரைவ் ஓடும் பட்டறைகளில் மட்டும் இதை நம்ப வேண்டாம். ஹார்மோனிக் கரண்டும் சேர்ந்து ஆம்பியரைக் கூட்டிக் காட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அதே மாதிரி இன்னொரு 25-ஐ வாங்கிச் சேர்க்காதீர்கள். மொத்தம் 31 ஆகிவிடும். பாதி மெஷின் நின்றிருக்கும் நேரத்தில் பவர் ஃபேக்டர் லீடிங் பக்கம் போய்விடும். இந்தக் கணக்கில் குறைவது 6.5 தான். 7.5 கேவிஏஆர், 440 வோல்ட் பெட்டி ஒன்று 415-இல் 6.7 தரும், அது போதும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் வெறும் "25 கேவிஏஆர்" என்று எழுதவே கூடாது. "415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 22 கேவிஏஆர் கிடைக்க வேண்டும், பேஸுக்கு 136 மைக்ரோஃபாரட், டெல்டா, டெர்மினலில் அளந்தால் 204" என்று எழுதி, பெட்டி இறங்கிய அன்றே அளந்து பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.