82-க்கு எடுத்த ரூட்: ரிவர்ஸ் ஆக்‌ஷனோடு ஆறு வருடம்

நான் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். பொருள் வாங்குவதும் சரக்கு அனுப்ப லாரி ஏற்பாடு செய்வதும் என் பொறுப்பு. ஆறு வருடமாக இரண்டுக்கும் தலைகீழ் ஏலமான ரிவர்ஸ் ஆக்‌ஷன் பயன்படுத்துகிறோம். அட்டைப்பெட்டி வாங்குவதில் அது இன்றும் நன்றாகவே போகிறது. லாரி வாடகையில் இரண்டே வருடத்தில் கையைச் சுட்டுக்கொண்டோம். மென்பொருளும் அதேதான், நடத்தியவர்களும் நாங்களேதான்.

முறை எளிமையானது. சாதாரண ஏலத்தில் வாங்குபவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். இதில் விற்பவர்கள் இறக்கிக்கொண்டே வருவார்கள். நாம் ஒரு தொடக்க விலையும், ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு இறக்க வேண்டும் என்ற அளவும், முடியும் நேரமும் வைத்துவிடுவோம். கடைசி சில நிமிடங்களில் யாராவது விலையை இறக்கினால் நேரம் தானாக நீளும். தொழிற்சாலைக் கொள்முதலில் இதை இணையம் வழியாகப் பரப்பியதில் 1995-ல் தொடங்கிய ஃப்ரீமார்க்கெட்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாரக்கணக்கில் கொட்டேஷன் வாங்கிப் பேரம் பேசும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் முறை திரையில் விலை இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அட்டைப்பெட்டி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டி எங்கள் கண்ணெதிரே இருக்கும் பொருள். அளவு, எத்தனை அடுக்கு, எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிட முடியும். மாதிரியை வாங்கிச் சோதித்த பிறகே ஏலத்துக்குக் கூப்பிடுகிறோம். செய்து தரக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள், ஆளை மாற்றினாலும் எங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஒரே ஒரு சுற்றில் மட்டும் காகிதத்தின் எடையைக் குறிப்பிட்டுவிட்டு அதன் வலிமையைக் குறிப்பிட மறந்தோம். எடை சரியாக இருந்தது, ஆனால் அடுக்கி வைத்ததில் கீழ் வரிசைப் பெட்டிகள் நசுங்கின. அடுத்த சுற்றில் அதையும் சேர்த்ததோடு பிரச்சினை தீர்ந்தது.

லாரி அப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ரூட் போதுமானதாக இருந்தது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, ஏலத்துக்கு முன்பு அந்த ரூட்டில் கொடுத்துவந்த வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் 40 லோடு போகும் ரூட் அது. பழைய டிரான்ஸ்போர்ட்டர் 36 லோடுக்குத் தவறாமல் வண்டி அனுப்பிவிடுவார். மீதி நான்கை வெளியில் அன்றன்றைய சந்தை விலையான ஸ்பாட் வாடகைக்கு, சுமார் 110-க்கு எடுப்போம். ஆக சராசரிச் செலவு 101.

எட்டுப் பேரைக் கூப்பிட்டு ஏலம் நடத்தினோம். மிகக் குறைந்த விலை எது என்று எல்லோர் திரையிலும் தெரியும்படி வைத்திருந்தோம். ஒரு புதியவர் 82-க்கு எடுத்தார். இரண்டாவதாக வந்தவர் 85. பழையவர் 91-ல் நின்றுவிட்டார். அறிக்கையில் 18 சதவீதம் சேமிப்பு என்று எழுதினேன். எழுதியது நான்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது: அந்த 18 ஒரு நாளும் எங்கள் கைக்கு வரவில்லை.

முதல் மாதம் புதியவர் 40-க்கு 37 வண்டி அனுப்பினார். மூன்றாம் மாதம் 28. ஐந்தாம் மாதம் 19 ஆகிவிட்டது. காலையில் வண்டி கேட்டால் மாலையில் "இன்றைக்கு வண்டி இல்லை" என்று பதில் வரும். 85 சொன்னவரைக் கேட்டோம். அவர் தன் வண்டிகளை அதற்குள் வேறு கம்பெனிக்கு ஒதுக்கிவிட்டிருந்தார், மாதம் ஐந்துதான் முடியும் என்றார். மீதி 16 லோடும் ஸ்பாட்டில் 118-க்குப் போனது. எல்லாம் சேர்த்து சராசரி கிட்டத்தட்ட 97. அதாவது சேமிப்பு 4 சதவீதம். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சரக்கு குவியும் சீசன் மாதத்தில் புதியவரிடமிருந்து 11 வண்டிதான் வந்தது. இரண்டாமவரால் ஒன்றும் தர முடியவில்லை. மீதி 29-ஐ 130 கொடுத்து எடுத்தோம். அந்த மாதச் சராசரி 117 ஆகிவிட்டது. தாமதத்துக்காக வாடிக்கையாளர்கள் எங்களிடம் பிடித்த பணம் தனி.

புதியவர் ஏமாற்றுகிறார் என்றே முதலில் நினைத்தேன். ஒப்பந்தப்படி அபராதம் போட்டு அவர் பில்லில் கழித்தோம். அதன்பிறகு வண்டி இன்னும் குறைந்தது. ஒரு நாள் அவரே நேரில் வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய வாடகையை 100 என்று வைத்த அதே கணக்கில் சொன்னால், ஒரு லாரிக்குத் தவணை, இன்ஷூரன்ஸ், டிரைவர் சம்பளம் என்று மாதத்துக்கு 400 செலவு. ஓடினாலும் நின்றாலும் அது உண்டு. டீசல், சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 30. மாதம் எட்டு நடை போகலாம் என்று நினைத்தார். 400-ஐ எட்டால் வகுத்தால் 50, அதோடு 30, ஆக நடைக்கு 80 அடக்கம். 82 அவருக்குக் கட்டுப்படியாகும் விலைதான். ஆனால் எங்கள் கிடங்கில் ஏற்ற ஒரு முழு நாள் நிற்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த இடத்திலும் இறக்கக் காத்திருப்பு. எட்டு நடை ஆறாகிவிட்டது. 400-ஐ ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட 67, டீசலோடு 97. ஒவ்வொரு நடையிலும் அவருக்கு 15 நஷ்டம்.

"சார், ஏத்த ஒரு நாள் ஆகும்னு உங்க டெண்டர்ல ஒரு வரி போட்டிருந்தா நான் 82 சொல்லியே இருக்க மாட்டேன்" என்றார். உண்மை. பழையவருக்கு அந்தக் காத்திருப்பு தெரியும், அதனால்தான் 91-ல் நின்றார். எங்கள் ரூட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் தோற்றார், தெரியாதவர் ஜெயித்தார். செலவை யார் அதிகம் தவறாகக் கணக்கிடுகிறாரோ அவரே ஏலத்தில் முதலில் வருவார் என்பது பொருளாதாரத்தில் பழைய விஷயம். நாங்கள் கொடுக்காமல் விட்ட தகவலே அந்தத் தவறை உண்டாக்கியது என்பதுதான் எனக்கு வலித்தது.

அட்டைப்பெட்டிக்கும் லாரிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பெட்டிக்காரர் ஒப்பந்தத்தை ஒரே சீராக நிறைவேற்றுவார். டிரான்ஸ்போர்ட்டரோ தினமும் காலையில் புதிதாக முடிவு எடுக்கிறார்: இந்த வண்டியை யாருக்கு அனுப்புவது? அந்த நேரத்தில் ஏலத்தில் போட்ட கையெழுத்துக்குப் பலம் குறைவு. வண்டி போய்ச் சேரும் ஊரில் திரும்பி வர லோடு கிடைக்குமா, நாம் எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறோம், பில் எத்தனை நாளில் பாஸ் ஆகிறது என்று பார்த்துத்தான் அனுப்புவார்.

இவ்வளவையும் கணக்குத் தவறு என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து நாங்கள் செய்தவை அப்படி அல்ல. உறவைக் கெடுத்தது அவைதான். ஏலம் முடிந்த மறுநாள், ஜெயித்தவர்களைப் போனில் அழைத்து இன்னும் 2 சதவீதம் கேட்டோம். ஏலத்தில் வந்த விலையே இறுதி என்று விதியில் எழுதியிருந்ததும் நாங்கள்தான். இரண்டாம் வருடம் இன்னும் மோசம். சில ரூட்டுகளில் ஆளை மாற்றும் எண்ணமே எங்களுக்கு இல்லை. விலையை இறக்கிப் பார்ப்பதற்காக மட்டும் ஏலம் வைத்தோம். வெளியாள் ஒருவர் இறக்கிய விலையைக் காட்டி, பழைய ஆளையே அந்த விலைக்கு ஒத்துக்கொள்ள வைத்தோம். இறக்கியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

டிரான்ஸ்போர்ட்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்கள். திரையில் பெயர் இல்லாமல் வரும் குறைந்த விலையை நாங்களே போடுகிறோம் என்று பேச்சு கிளம்பியது. அது பொய், நாங்கள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. ஆனால் போனில் 2 சதவீதம் கேட்டவர்களை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? சாண்டி ஜாப் என்ற ஆய்வாளர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, விலை வெளிப்படையாகத் தெரியும் ரிவர்ஸ் ஆக்‌ஷனுக்குப் பிறகு, வாங்குபவர் தன் நலனுக்காகத் தங்களைச் சுரண்டுகிறார் என்ற எண்ணம் சப்ளையர்களிடம் கூடுகிறது என்று காட்டியது. அதை நான் படித்தது பின்னாளில். படித்தபோது எங்கள் சப்ளையர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

மூன்றாவது ஏலத்தில் எட்டுப் பேரில் நான்கு பேர்தான் உள்ளே வந்தார்கள். அதில் இருவர் ஒரே ஒரு விலை போட்டுவிட்டு நகரவே இல்லை. விலை இறங்குவது நின்ற பிறகுதான் பலர் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அறிகுறி அதற்கு முன்பே தெரிகிறது. ஏலத்துக்கு முன் சப்ளையர்கள் கேள்வி கேட்பது நின்றுபோகும். "இந்த ரூட்டில் தினமும் எத்தனை மணிக்கு வண்டி வேண்டும்" என்று முன்பு விசாரித்துவந்தவர், விசாரிக்காமலே விலை போடுவார். முதல் விலைக்கும் இரண்டாம் விலைக்கும் இடைவெளி மிக அதிகமாக இருந்தால், முதலாமவர் எதையோ தவறவிட்டிருக்கிறார் என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன். உடனே கூப்பிட்டு அவர் கணக்கைக் கேட்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்வதற்காக அல்ல, தவறு இருந்தால் விலகிக்கொள்ள வழி கொடுப்பதற்காக.

பிறகு நடைமுறையை மாற்றினோம். டெண்டரோடு சேர்த்து ஒவ்வொரு ரூட்டுக்கும் மாதவாரியாக எத்தனை லோடு போனது, ஏற்றவும் இறக்கவும் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்ற விவரத்தைக் கொடுக்கிறோம். எங்களுக்கு அழகு சேர்க்காத எண்கள் அவை, ஆனாலும் கொடுக்கிறோம். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் காத்திருப்புக் கட்டணம் உண்டு. டீசல் விலை மாறினால் வாடகை எப்படி மாறும் என்ற சூத்திரம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. திரையில் மற்றவர்களின் விலை தெரியாது, தன் இடம் மட்டும் தெரியும். முதலிடத்துக்கு 60 சதவீத லோடு, இரண்டாமிடத்துக்கு 40 என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஏலத்துக்குப் பிறகு யாரையும் விலைக்காகப் போனில் அழைப்பதில்லை. மாதம் ஒன்றிரண்டு லோடு மட்டும் போகும் ரூட்டுகளையும், திரும்பி வர லோடே கிடைக்காத ரூட்டுகளையும் ஏலத்தில் வைப்பதை நிறுத்திவிட்டோம். அவற்றுக்கு மூடிய உறையில் கொட்டேஷன் வாங்கி, உட்கார்ந்து பேசி முடிக்கிறோம்.

அந்த ரூட்டின் வாடகை இப்போது 94. மாதம் 35 வண்டி வருகிறது. மீதி ஐந்தை 112-க்கு வெளியில் எடுக்கிறோம். சராசரி 96 சொச்சம். 82-க்கு எடுத்திருந்த காலத்தின் ஐந்தாம் மாதச் சராசரியும் கிட்டத்தட்ட இதேதான் என்பதைக் கவனியுங்கள். சீசன் மாதத்தில் மட்டும் இப்போது 117 வரை போவதில்லை.

பழைய டிரான்ஸ்போர்ட்டரைத் திரும்பக் கூப்பிட நானே அவர் அலுவலகத்துக்குப் போனேன். "91 சொன்னதும் என்ன காரணம்னு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது அந்த ரூட்டில் 60 சதவீத லோடு அவருடையதுதான், ஒரு நாளும் தவறுவதில்லை. முன்பெல்லாம் விடுமுறை நாள் இரவில் அவசரமாக வண்டி வேண்டும் என்றால் ஒப்பந்த வாடகைக்கே அனுப்பிவிடுவார். இப்போது அப்படிக் கேட்டால் ஸ்பாட் வாடகைதான் சொல்கிறார்.